கதவில்லாத சுவர்

செட்டிநாட்டு வீடு ஒன்றின் கைப்படத்தைக் கணினியில் சுத்தமாக வரைந்து யாராவது மேசையில் விரித்தால், விவரம் தெரிந்தவர் கண் முகப்புக்கும் போகாது, பட்டாலைக்கும் போகாது. வளவைச் சுற்றி வரிசையாக நிற்கும் அறைகளுக்கு நடுவே இருக்கிற குறுக்குச் சுவர்களுக்குத்தான் போகும். அத்தனை சுவரும் ஒரே கனத்தில் இருந்தால், வரைந்தவர் ஒரு சுவரைப் போட்டுவிட்டு மற்றதையெல்லாம் நகலெடுத்து ஒட்டியிருக்கிறார் என்று சந்தேகப்படலாம். கனம் மாறுகிற இடத்தில் மாறி, அதற்குக் காரணமும் சொல்ல முடிந்தால், அந்தப் படத்தை நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டு பார்க்கலாம்.

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்துப் பெரிய வீடுகளில் பங்காளிகளுக்குக் குறைவில்லை. பாகப்பிரிவினைக்கென்று எப்போதோ பென்சிலால் போட்டு, நாலாக மடித்துப் பத்திரத்தோடு வைத்த தாள்கள் இப்போது ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. வீட்டை விடுதியாக்க நினைப்பவர்கள் கொண்டுவருகிறார்கள். பழுதுபார்க்கப் போகிறவர்களும் கொண்டுவருகிறார்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் எந்தப் பட்டியலில் ஊர் சேர்ந்தாலும், வீட்டுக்குள் ஒரு சுவரைத் தொடுவதற்கு முன்னால் கேட்கப்படுவது இந்தத் தாள்தான்.

தாளை ஸ்கேன் செய்து, கோட்டின் மேலேயே கோடு இழுத்துக் கொடுப்பவர்கள் ஒரு கட்சி. மூலத்துக்கு அதுதான் விசுவாசம் என்பது அவர்கள் வாதம். பார்க்க அழகாகவே வரும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த விசுவாசம் பென்சில் முனைக்கே தவிர வீட்டுக்கு இல்லை. ஓரடிக்குக் கால் அங்குலம் என்ற அளவில் போட்ட படத்தை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால், வீட்டின் ஓரடி திரையில் 75 புள்ளி. அரை மில்லிமீட்டர் பென்சில் கோடு ஏறக்குறைய 6 புள்ளி. அதாவது கோட்டின் தடிமனே வீட்டில் ஓர் அங்குலம். அரைக்கால் அங்குல அளவில் போட்ட படமென்றால் இரண்டு அங்குலம். கோட்டின் உள்விளிம்பில் இழுப்பதா, வெளிவிளிம்பில் இழுப்பதா, நடுவிலா? நாலு அறை கொண்ட ஒரு வரிசையில் சுவர் விளிம்புகள் மட்டுமே பத்து. ஒவ்வொன்றிலும் ஓர் அங்குலம் அப்படி இப்படிப் போனால் கடைசியில் எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தாளும் தன் பங்குக்கு ஏமாற்றும். மடிப்பில் சுருங்கியிருக்கும், ஈரத்தில் நீண்டிருக்கும். உருளையில் தாளை இழுத்துக்கொள்ளும் பெரிய ஸ்கேனர், இழுக்கிற திசையில் மட்டும் கொஞ்சம் நீட்டிவிடுவதுண்டு. கைபேசியில் எடுத்த படத்தில் எதிர்ச் சுவர்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. `IMAGEATTACH` கொடுத்துப் படத்தைக் கொண்டுவந்து, தாளில் எழுதியிருக்கிற ஒரு நீளத்துக்கு `SCALE` கட்டளையின் `Reference` மூலம் பொருத்திவிட்டு, அதற்குக் குறுக்கே போகிற இன்னொரு நீளத்தை அளந்து பார்க்க வேண்டும். இரண்டாவது பொருந்தவில்லையென்றால் ஸ்கேன் கோணலாகிவிட்டது. அதற்கப்புறம் அந்தப் படம் எந்த அறைக்குப் பக்கத்தில் எந்த அறை என்று சொல்லுமே தவிர, எத்தனை அடி என்று சொல்லாது. அதை மங்கலாக்கிக் கீழே விட்டுவிட்டு, மேலே எழுத்தில் இருக்கிற எண்களை வைத்துப் புதிதாக வரைய வேண்டும். கோடு ஒன்று சொல்லி எண் வேறொன்று சொன்னால் எண்ணையே நம்புவது என்பது மேஸ்திரிகளுக்கும் பழகிய வழக்கம்.

எண்ணிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. நம் பக்கத்தில் பத்தடி ஆறு அங்குலத்தை 10.6 என்று எழுதுகிற பழக்கம் பலருக்கு உண்டு. எழுதியவருக்கு அந்தப் புள்ளி அடியையும் அங்குலத்தையும் பிரிக்கிற புள்ளி. கணினிக்கு அது தசமப் புள்ளி. அப்படியே தட்டினால் 10 அடி 7.2 அங்குலம் ஆகிவிடும். தாளில் எங்காவது 10.10 அல்லது 9.11 என்று இருக்கிறதா என்று முதலில் தேடிவிடுவது நல்லது. புள்ளிக்குப் பின்னால் 10, 11 என்று வந்து, 11ஐத் தாண்டிய எண் எங்குமே இல்லையென்றால் எழுதியவர் அங்குலத்தைத்தான் எழுதியிருக்கிறார்.

இனி சுவருக்கு வரலாம். நம் கைப்படங்களில் அறையின் நீள அகலம் ஒழுங்காக இருக்கும், சுவர்க் கனம் மட்டும் இருக்காது. அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. மனையடி பார்க்கிறவர்களுக்கு உட்கூடுதான் கணக்கு; சுவருக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை அடி என்பதுதான் பலன் சொல்லும். அதனால் தாளில் உட்கூட்டு அளவுகள் மட்டும் ஏறின. வெளிச்சுவரின் கனத்தை வாசல் நிலையில் டேப்பை வைத்து அளந்துவிடலாம். இரண்டு அறைகளுக்கு நடுவே கதவே இல்லாத சுவரை என்ன செய்வது? அதற்கு விளிம்பு கிடையாது. டேப்பை எங்கே வைப்பது?

காரைக்குடியில் ஒரு வீட்டுத் தாளை எடுத்துக்கொள்வோம். வளவின் கீழ்ப்புறத்தில் நாலு அறை. ஒவ்வொன்றும் அந்த வரிசையில் பத்தடி, உள்ளே போகிற ஆழம் எட்டடி. வெளிச்சுவர் 1'-9" என்று ஒரு மூலையில் எழுதியிருந்தது. நடுச் சுவர் ஒன்றின் பக்கத்தில் 1'-3". வரிசையின் மொத்த வெளி நீளம் 47'-9". கூட்டிப் பார்த்தால், அறைகள் நாற்பதடி, நடுச் சுவர் மூன்றும் சேர்ந்து 3'-9", இரு முனைச் சுவர்களும் சேர்ந்து 3'-6". ஆக 47'-3". ஆறு அங்குலம் உதைத்தது.

இந்த இடத்தில்தான் வரைகிறவர்கள் பிரிகிறார்கள். ஆறு அங்குலத்தை நாலாகப் பிரித்து ஒவ்வோர் அறைக்கும் ஒன்றரை அங்குலம் ஊட்டிவிட்டு, மொத்தத்தைச் சரியாக்கிக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அச்சில் வந்த பிறகு அதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. நாலு அறையின் அளவுமே அன்றோடு கெட்டுப்போனது. பாகப்பிரிவினையில் ஓர் அறை ஒருவருக்கு என்று போகும்போது அந்த ஒன்றரை அங்குலத்துக்கும் சொந்தக்காரர் உண்டு.

இன்னொரு வகையினர் ஒரு டேப்போடு வீட்டுக்குத் திரும்பிப் போவார்கள். கதவில்லாத சுவரை அளக்க ஒரு வழி இருக்கிறது, இந்தக் கலையில் அதைவிட அழகான காரியம் வேறில்லை. பத்தியில் நின்றுகொண்டு, ஓர் அறையின் நிலை முடிகிற இடத்திலிருந்து அடுத்த அறையின் நிலை தொடங்குகிற இடம் வரை அளக்க வேண்டும். பிறகு முதல் அறைக்குள் போய் அதே நிலையின் அதே விளிம்பிலிருந்து மூலை வரை. இரண்டாம் அறைக்குள் போய் மூலையிலிருந்து நிலை வரை. வெளியே அளந்ததில் உள்ளே அளந்த இரண்டையும் கழித்தால் மிச்சம் சுவர். நிலையின் எந்த விளிம்பு என்பதில் மட்டும் கவனம் தேவை. நம் நிலைகளின் சட்டம் கனமானது. வெளியே சட்டத்தின் ஓரத்திலும் உள்ளே சட்டத்தின் உள்விளிம்பிலும் டேப்பைப் பிடித்தால் கழித்தலே பொய்யாகிவிடும்.

அந்த வீட்டில் முதல் இரண்டு சுவர்களிலும் பத்தியில் கதவுக்குக் கதவு 7'-9". உள்ளே இரு பக்கமும் 3'-3". மிச்சம் 1'-3", தாளில் உள்ளபடியே. மூன்றாவது சுவரில் பத்தியின் அளவு 8'-3". உள்ளே அதே 3'-3". மிச்சம் 1'-9". காணாமல் போன ஆறு அங்குலம் முழுக்க ஒரே சுவருக்குள் நின்றிருந்தது. அது வெளிச்சுவரின் கனம். வீட்டு ஆச்சியிடம் கேட்டபோது சாதாரணமாகச் சொன்னார்கள்: "அந்தக் கடைசி அறை அப்புறம் கட்டுனதுப்பா. எங்க மாமியா காலத்துல இந்தப் பக்கம் மூணுதான்."

மூன்றாவது சுவரில்தான் ஒரு காலத்தில் வீடு முடிந்திருக்கிறது. திருத்திய படத்தில் அந்தச் சுவர் மட்டும் தடித்துத் தெரிகிறது. வீடு எந்த இடத்தில் வளர்ந்தது என்பதை ஒரு கனம் காட்டிவிடுகிறது. நாளை அதை உடைத்து வாசல் வைக்க நினைக்கிற பொறியாளருக்கு இந்தச் செய்தி வேண்டும். நாலு அறைக்கும் பிரித்துக் கொடுத்த படத்தில் அது ஒருநாளும் கிடைக்காது.

எல்லா மூலையையும் செங்கோணமாக்கிவிடும் ரசனையும் ஒன்று இருக்கிறது. திரையில் செங்குத்தும் கிடையுமாகக் கோடுகள் நிற்பது கண்ணுக்கு இதம்தான். ஆனால் தெருவுக்குத் தெரு நீள்கிற மனையில் 120 அடி போவதற்குள் ஒரு பாகை சாய்வு இரண்டடியைத் தாண்டிவிடும். அதைத் திருத்திவிட்டால் அடுப்படிக் கட்டு அடுத்த வீட்டுச் சுவருக்குள் போய் நிற்கும். மூலைவிட்டம் எடுத்தால் போதும். பத்துக்கு எட்டு அறையில் இரண்டு மூலைவிட்டமும் 12'-9¾" அளவில் வந்தால் அறை சதுரிப்பாக இருக்கிறது. ஒன்று கூடி ஒன்று குறைந்தால் சாய்ந்திருக்கிறது, சாய்வாகவே வரையட்டும்.

பெயர் எழுதுவதில்தான் இன்றைக்குத் தரம் ரொம்பவே இறங்கியிருக்கிறது. வளவு அறைகளை 'பெட்ரூம் 1', 'பெட்ரூம் 2' என்று போடுகிறார்கள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்றாக ஒதுக்கி, சாமான் சீர் வைத்துப் பூட்டிய அறைகள் அவை. படுக்கை பெரும்பாலும் பத்தியில்தான். தாளில் 'மூத்தவர் அறை' என்று இருந்தால் படத்திலும் அப்படியே இருக்கட்டும். முகப்பு, வளவு, பட்டாலை, இரண்டாங்கட்டு என்ற பெயர்களும் அப்படித்தான். வளவுக்கு மேலே கூரை எங்கே நின்று வானம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு ஒரு விட்டுவிட்டுப் போகிற கோடு போட வேண்டும். அதையும் இப்போது மறந்துவிடுகிறார்கள். எழுத்து யூனிகோடில் இருக்க வேண்டும். பழைய தனி எழுத்துருவில் தட்டிய பெயர்கள், அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும்.

அமெரிக்காவில் 1933இல் தொடங்கிய பழங்கட்டட ஆவணத் திட்டத்தில், சுத்தமாக வரைந்த படங்களோடு களத்தில் அளந்து கிறுக்கிய குறிப்பேடுகளையும் சேர்த்துக் காங்கிரஸ் நூலகத்தில் வைத்திருக்கிறார்கள். எந்த எண் எப்படி வந்தது என்று பின்னால் வருகிறவர் தேடிப் பார்க்கலாம். நம் படத்திலும் அந்த 1'-9" பக்கத்தில் 'கழித்து எடுத்தது' என்று சின்னதாக எழுதிவைக்கலாம்; டேப்பில் நேராக அளந்த எண்ணுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். மூலத் தாளை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பதற்கு முன் அதன் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும். முன்பக்கத்தில் ஏறாத பத்தி அளவுகளையும் கழித்தல் கணக்கையும் அளந்தவர் அங்கே கிறுக்கி வைத்திருக்கக்கூடும்.