சங்கிலியோடு வரும் சீட்டு

பட்டம் வாங்கிய மகளுக்கு இரண்டு பவுனில் ஒரு சங்கிலி. நகைப்பெட்டிக்குள் மடித்து வைத்த சீட்டில் அப்பாவின் கையெழுத்து: “எங்கள் கனவை நிறைவேற்றிய செல்ல மகளுக்கு. இது உன் கல்யாண நகைக்கு முதல் வரவு. பத்திரமாக வைத்துக்கொள்.” நம் வீடுகளில் இப்படித்தான் எழுதுவோம். பாசத்தில் குறையில்லை. ஆனால் படித்தது அவள், கனவு பெற்றோருடையது என்றாகிவிட்டது. அடுத்த வரி, பட்டத்துக்கான பரிசைக் கல்யாணக் கணக்கில் சேர்த்துவிடுகிறது. நாளை சம்பந்தி வீட்டார் “எத்தனை பவுன்” என்று கேட்கும்போது இந்த 16 கிராமும் அதில் எண்ணப்படும். அப்புறம் அவள் பட்டத்துக்கு என்று தனியாக என்ன கொடுத்தோம்?

பரிசோடு சீட்டு வைக்கும் வழக்கமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மகளிடம் நேருக்கு நேர் பாராட்டிப் பேசக் கூச்சப்படும் அப்பாக்கள் நம்மிடம் ஏராளம். அவர்களுக்குச் சீட்டு பெரிய உதவி. ஆனால் “உன்னால் எங்களுக்குப் பெருமை” என்ற வரி எந்த மகளுக்கும் பொருந்தும். கடைக்காரர் கொடுக்கும் அச்சிட்ட அட்டையிலேயே இருக்கும். “மூன்றாம் செமஸ்டரில் விழுந்த இரண்டு அரியரையும் யாரிடமும் சொல்லாமல் நீயே எழுதி முடித்தாய், எனக்குத் தெரியும்” என்று எழுதினால், அது அவளுக்கு மட்டுமே உரிய சீட்டு. அப்பா கவனித்துக்கொண்டுதான் இருந்தார் என்பது அதில் தெரிகிறது. தியாகக் கணக்கு அப்படியல்ல. “வயலை அடகு வைத்துப் படிக்க வைத்தோம்” என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் பரிசோடு சேர்ந்து வந்தால் அது கடன் சீட்டாகத்தான் படும்.

சீட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. அசையும் பொருளைக் கையில் ஒப்படைத்தாலே கொடை முடிந்துவிடும், எழுத்து கட்டாயமில்லை. ஆனால் பில் பெரும்பாலும் அப்பா பெயரில் இருக்கும். பிற்பாடு நகை யாருடையது என்ற பேச்சு வந்தால், தேதியும் எடையும் குறித்து, “பட்டமளிப்புக்காக உனக்குக் கொடுத்தது” என்று கையெழுத்திட்ட தாள் சாட்சியாக நிற்கும். ஹால்மார்க் முத்திரையோடு பொறித்திருக்கும் ஆறு எழுத்து-எண் அடையாளத்தையும் சீட்டின் பின்பக்கம் எழுதிவிடலாம். முன்பக்கம் எழுதினால் பாசம் ரசீதாகிவிடும்.

எனக்கு முக்கியமாகப் படும் வரி வேறு: “இதை விற்கவும் அடகு வைக்கவும் உனக்கு முழு உரிமை உண்டு.” மேற்படிப்புக்கோ, வேறு ஊரில் வேலை தேடும் காலத்து வாடகைக்கோ அவள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இங்கே அம்மாக்கள் தடுப்பார்கள்: நல்ல நாளில் அடகு என்ற சொல்லா? அந்த ஆட்சேபம் நியாயம்தான். “உனக்கு எப்போது எதற்குத் தேவையோ, அதற்கு எடுத்துக்கொள், எங்களிடம் கேட்க வேண்டாம்” என்று எழுதினால் அம்மாவும் கையெழுத்துப் போடுவார்.