முதல் காபி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

செயலியில் சில வாரங்கள் பேசிய இருவரும், நண்பரின் கல்யாணத்தில் எண் வாங்கிக்கொண்ட இருவரும் முதல்முறை தனியாகச் சந்திக்க நினைத்தால், சென்னையில் இன்று வரும் முதல் யோசனை காபிதான். சினிமா என்றால் மூன்று மணி நேரம் இருட்டில் வாய் திறக்காமல் உட்கார வேண்டும். இரவுச் சாப்பாடு என்றால் செலவு, திரும்பும் நேரம், வீட்டில் கேள்வி. காபியில் இந்தத் தொல்லைகள் இல்லை. பகல் வெளிச்சம், சுற்றிலும் ஆட்கள், கை மீறாத பில். பிடிக்கவில்லையென்றால் கோப்பை காலியானதும் எழுந்துவிடலாம். இந்தப் பழக்கத்தின் உண்மையான பலம் இப்படிச் சுலபமாக எழுந்து போக முடிவதுதான். பெரும்பாலானவர்கள் கெடுத்துக்கொள்வதும் அதைத்தான்.

முதலில் இடம். நம் ஊர் சைவ ஓட்டலில் டபரா டம்ளரில் வரும் பில்டர் காபிக்கு ஈடு கிடையாது, ஆனால் பத்து நிமிடத்தில் டம்ளர் காலி, சர்வர் பக்கத்தில் வந்து "வேற என்ன சார்?" என்பார், நெரிசல் நேரமென்றால் எதிர் நாற்காலியில் யாராவது வந்து உட்காரவும் செய்வார். பெரிய கோப்பையில் தரும் ஏசி கடைகளில் காபியின் விலை அதிகம், ருசி பல இடங்களில் சுமார்தான். அங்கே நாம் காசு கொடுப்பது காபிக்கல்ல, யாரும் விரட்டாத நாற்காலிக்கு. முதல் சந்திப்புக்கு அந்த விலை நியாயமானதே. உள்ளே போனதும் பாட்டுச் சத்தத்தை மட்டும் கவனியுங்கள். கத்திப் பேச வேண்டியிருந்தால் வேறு மேசைக்கு மாறுங்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் நேர்காணல் வாடை வந்துவிடும்; மேசையின் மூலையை ஒட்டி இருவரும் உட்கார்ந்தால் பார்வையை அவ்வப்போது தெருப்பக்கம் திருப்பிக்கொள்ள வசதி.

அடுத்தது நேரம். அவசரமில்லாத சந்திப்பு வேண்டுமென்றால் முடியும் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது முரணாகத் தோன்றலாம். ஆடம் மாஸ்ட்ரோயானியும் அவருடைய சகாக்களும் 2021-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த இடத்தில் பொருந்துகிறது. இருவரும் விரும்பிய நேரத்தில் உரையாடல் முடிவது மிக மிக அபூர்வம் என்று அதில் தெரியவந்தது. காரணம் எளிது. எழுந்திருக்க நினைப்பவர் மரியாதைக்காக அதை மறைக்கிறார், இன்னும் பேச ஆசைப்படுபவரும் மறைக்கிறார். எப்போது முடியும் என்று தெரியாதபோதுதான் மனம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு கற்பனை ஜோடியை வைத்துப் பார்ப்போம். அவள் வேளச்சேரி, அவன் அண்ணா நகர். இருவருக்கும் பாதிவழியாக அசோக் நகர் மெட்ரோ பக்கம் ஒரு கடையைப் பிடிக்கிறார்கள். அவனுக்கு ஒரே ரயில். அவள் யாருடைய வண்டியிலும் ஏறாமல் ஆட்டோவில் வீடு திரும்பலாம். முந்தின நாளே அவள் எழுதிவிடுகிறாள்: "நாலரைக்கு வந்துடுவேன். அஞ்சரைக்குக் கிளம்பணும், பரவாயில்லையா?" இதில் சாக்கு இல்லை, பொய்யும் இல்லை. பேச்சு சுவையாகப் போனாலும் அவள் ஐந்தரைக்கே எழுகிறாள். பலர் தவறுவது இங்கேதான். நன்றாகப் போகிறதே என்று கடற்கரை, அப்புறம் சாப்பாடு என்று நீட்டுவார்கள். ஐந்தாவது மணி நேரத்தில் பேச விஷயம் தீர்ந்து, களைப்போடு பிரிவார்கள். மறுநாள் மனதில் நிற்பது அந்தக் களைப்பு. மிச்சம் வைத்துப் பிரிந்தால் இரண்டாவது சந்திப்புக்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை.

தோழியிடம் சொல்லிவைத்து ஐந்து மணிக்கு 'அவசர' போன் வரவழைக்கும் தந்திரமும் நடப்பில் இருக்கிறது. எங்கே, யாரோடு இருக்கிறோம் என்று தோழிக்குச் சொல்லிவைப்பது அவசியம். ஆனால் தப்பிக்க நாடகம் போடுவது எதிரே இருப்பவருக்குப் பெரும்பாலும் புரிந்துவிடும். நேரத்தை முன்பே சொல்லியிருந்தால் அந்த நாடகத்துக்கு வேலையில்லை. எதிரே இருப்பவரைப் பார்த்துப் பயமாக இருந்தால் மட்டும் இதெல்லாம் பொருந்தாது. அப்போது எந்தப் பொய்யையும் சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

இனி பேச்சு. இந்தப் பழக்கத்தின் பெரிய குறை, அது சீக்கிரமே பெண் பார்க்கும் படலமாகிவிடுவது. "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றார்?" இரண்டாவது கேள்வி எதைத் தோண்டுகிறது என்பது தமிழ்நாட்டில் கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். கேள்வி கேட்பதே தவறு என்று சொல்லவில்லை. ஹார்வர்டில் கேரன் ஹுவாங்கும் சகாக்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், எதிராளி சொன்ன பதிலிலிருந்தே அடுத்த கேள்வியை எடுத்தவர்களை மற்றவர்கள் கூடுதலாக விரும்பினார்கள். அவள் தென்காசி என்கிறாள் என்று வையுங்கள். "தென்காசில எங்கே?" என்பது படிவம் நிரப்பும் கேள்வி. "சாரல் சீசன்ல ஊர் முழுக்க வெளியூர்க்காரங்களா இருப்பாங்களே, எரிச்சலா இருக்காதா?" என்று கேட்டால், அவள் சொன்னதைக் கேட்டதற்கு அது அடையாளம்.

நேர்மை என்ற பெயரில் முதல் காபியிலேயே பழைய காதல், சம்பளம், வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் கொட்டுகிறவர்களும் உண்டு. அது தேவையில்லை. எதிரே இருப்பவர் இரண்டாவது முறை வரலாமா வேண்டாமா என்பதை எது மாற்றுமோ, அதை மட்டும் மறைக்கக் கூடாது. விவாகரத்து வழக்கு முடியவில்லை, குழந்தை இருக்கிறது, ஆறு மாதத்தில் கனடா போகிறேன், வீட்டில் வரன் பார்க்கிறார்கள், கல்யாண எண்ணமே இல்லை: இவற்றைச் சந்திப்புக்கு முன்பே எழுதிவிடுவது உத்தமம். இல்லையென்றால் முதல் அரைமணிக்குள் சொல்லிவிட வேண்டும். பில் வரும்போது சொன்னால், அதுவரை பேசிய அத்தனையும் ஏமாற்றாகத் தோன்றும்.

பில்லைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. கூப்பிட்டவர் கொடுக்கலாம், பாதிப் பாதியும் போடலாம். கொடுத்ததை வைத்து உரிமை கொண்டாடாமல் இருந்தால் சரி.

நேரமும் இடமும் பேச்சும் சரியாக அமைந்தாலும் தீராத குறை ஒன்று உண்டு. காபி மேசை பேச்சுக்காரர்களுக்குச் சாதகமான இடம். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் அங்கே இயல்பைவிட மங்கலாகத் தெரிவார்கள். கோபம் எப்படி வரும், பண விஷயத்தில் எப்படி, சொன்ன சொல்லைக் காப்பாற்றுவாரா என்பதை ஒரு மணி நேரம் காட்டாது. அதனால் அந்த ஒரு மணி நேரத்தை வைத்து 'இவர்தான்' என்று முடிவு செய்வது பேதைமை. அமைதியாக இருந்தவரை அதற்காகவே தள்ளிவிடுவதும் அவசரம். அவருக்கு இரண்டாவது முறை வேறு களம் கொடுத்துப் பாருங்கள்: புத்தகக் கடையில் சுற்றலாம், செம்மொழிப் பூங்காவில் நடக்கலாம். கைகால்களுக்கு வேலை இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

விருப்பமில்லை என்று தெளிவாகத் தெரிந்துவிட்டால் மௌனமாக மறைந்துபோகாதீர்கள். மறுநாளே எழுதிவிடுங்கள்: "நேத்து பேசினது நல்லா இருந்தது. ஆனா எனக்கு அந்த மாதிரி தோணலை. நேரம் ஒதுக்கி வந்ததுக்கு நன்றிங்க." இப்படி ஒரு செய்தி உங்களுக்கு வந்தால் "சரிங்க, நன்றி" என்று பதில் போடுங்கள். ஏன் என்று கேட்க வேண்டாம்.