கடைசிப் பந்தியில் சொல்ல வேண்டிய நன்றி

திருநெல்வேலிப் பக்கத்தில் கோயில் கொடையின் மதிய விருந்தின்போது, வரிதாரர்களில் மூத்தவர் ஒருவர் மைக்கை வாங்கி நன்றி சொல்வார். நாலைந்து நிமிடப் பேச்சு. அதில் ஒரு வரி சமையல்காரர்களுக்கு: "சிறப்பாகச் சமைத்த மாஸ்டருக்கும் உதவியாளர்களுக்கும் நன்றி."

ஊர் கேட்க ஒருவருடைய கைப்பக்குவத்தைப் பாராட்டுவது பெரிய காரியம். சமையல் மாஸ்டருக்கு அடுத்த கல்யாணத்துக்கான அட்வான்ஸ் பெரும்பாலும் இப்படிப்பட்ட பந்தலில்தான் கிடைக்கிறது. ஆகவே இந்த வழக்கம் வேண்டும். அது நடக்கிற விதம்தான் எனக்கு உறுத்துகிறது.

நான் பார்த்த ஒரு கொடையைச் சொல்கிறேன். அறுநூறு இலை, எழுபத்தைந்து கிலோ அரிசி. முந்தின இரவு பத்து மணிக்கே பெண்கள் மூன்று பேர் அரிவாள்மனையோடு காய் நறுக்க உட்கார்ந்துவிட்டார்கள். விடியற்காலை மூன்று மணிக்குக் கோட்டை அடுப்பு பற்ற வைத்தார்கள். நன்கொடை கொடுத்த பெரியவர்கள் கிளம்புவதற்குள் பேசிவிட வேண்டும் என்று, முதல் பந்தி எழுந்ததுமே நன்றியுரை தொடங்கிவிட்டது. அந்த நேரத்தில் மாஸ்டர் மூன்றாம் பந்திக்கான சோற்றை வடித்துக்கொண்டிருந்தார். அடுப்பு இரைச்சலில் அவர் காதில் ஒன்றும் விழவில்லை. காய் நறுக்கியவர்களும், எச்சில் இலை எடுத்தவரும், அண்டா கழுவிய இருவரும் பேச்சில் வரவேயில்லை. அவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது மணி நாலு. ரசமும் மோரும்தான் மிச்சம்.

யாருக்குச் சொல்லப்பட்டதோ அவர் கேட்காத நன்றி, கேட்டவர்களுக்கான மரியாதையாகவே நின்றுவிடுகிறது.

எல்லார் பெயரையும் வாசித்தால் சரியாகுமா? ஆகாது. பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த மனத்தாங்கல் அடுத்த கொடை வரை ஓயாது. பசியோடு நிற்கிற பந்தியும் பொறுக்காது. வேலையைச் சொல்வதே நல்லது. வேறோர் ஊரில் விருந்து கொடுத்தவர் கடைசிப் பந்திவரை காத்திருந்தார். சமைத்தவர், கழுவியவர், இலை எடுத்தவர் எல்லாரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துத் தானே பரிமாறினார். மைக் இல்லாமல், "ரெண்டாம் பந்தியில சோறு பத்தாதுன்னு நான் பதறிட்டேன். முக்கால் மணி நேரத்துல இன்னொரு உலை வடிச்சு என் மானத்தக் காப்பாத்துனீங்க. அண்டா அடுத்தடுத்துக் கழுவி வந்ததாலதான் அது நடந்துது" என்றார். கழுவிய அம்மாள் தலை நிமிர்ந்து பார்த்தார். அதன்பிறகு விருந்து கொடுத்தவர் வெற்றிலைத் தட்டில் வேட்டி, சேலையோடு, பேசிய கூலியை முழுதாக வைத்துக் கொடுத்தார்.

இதிலும் குறை உண்டு. ஊர் கலைந்த பிறகு சொன்னதால் மாஸ்டரின் திறமை வெளியாட்களுக்குத் தெரியாமல் போயிற்று. அதற்கு முதல் பந்தியில் மைக்கில் ஒரு வரி போதும். ஆனால் கூலியை 'நாளைக்குப் பார்ப்போம்' என்று தள்ளிவிட்டுப் பேசுகிற நன்றிக்கு எந்தப் பந்தியிலும் மதிப்பில்லை.

இந்த வருஷம் உங்கள் ஊர்க் கொடையில் மைக் உங்கள் கைக்கு வந்தால், பேசுமுன் ஒருமுறை அடுப்படிக்குப் போய், அண்டா கழுவுகிறவர் சாப்பிட்டாரா என்று கேளுங்கள்.