ஐந்தாண்டுச் சராசரி எந்த ஆண்டைப் பேசுகிறது?

மேட்டூர் அணையிலிருந்து டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. மூடுவது ஜனவரி 28. திறக்கும் தண்ணீர் முக்கொம்பு வழியாக மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்துவிடும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் வயல்களுக்குப் போகும். ஜூனில் தண்ணீர் வந்தால் குறுவை. அறுப்பு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடியும். பின்னால் தாளடியும் போடலாம். திறப்பு ஆகஸ்டுக்கோ செப்டம்பருக்கோ தள்ளிப்போனால், பம்புசெட் இல்லாதவருக்குக் குறுவை கிடையாது. சம்பா ஒன்றுதான்.

அதனால் திறப்பு நாள்களைப் பதிந்து வைத்துப் பார்ப்பது டெல்டாவில் வெறும் ஆர்வம் அல்ல. எந்த விதையை எவ்வளவு இருப்பு வைப்பது, நாற்றங்காலை எப்போது விடுவது, கூட்டுறவுக் கடனை எந்த மாதம் வாங்குவது என்று எல்லாமே அந்த நாளோடு கட்டுண்டவை. ஆனால் அந்த நாள்கள் கண்டபடி தாவும். கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை எப்படிப் பெய்தது, கிருஷ்ணராஜசாகரும் கபினியும் எவ்வளவு நிரம்பின, மேட்டூரில் முந்தின ஆண்டு மிச்சம் எவ்வளவு என்று பல காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு தேதியை முடிவு செய்கின்றன. ஆண்டுக்கு ஆண்டு தாவும் எண்களிலிருந்து போக்கைப் பிரித்தெடுக்க உலகம் முழுதும் கையாளும் முதல் கருவி நகரும் சராசரி. அதில் எத்தனை மரபுகள் உண்டு, ஒவ்வொன்றும் எதை விலையாகக் கேட்கிறது என்பதை மேட்டூரின் எண்களைக் கொண்டே பார்க்கலாம்.

ஜூன் 12-ஐப் பூஜ்யமாக வைத்து, அதற்குப் பின் எத்தனை நாள் தாமதம் என்று எண்ணுவோம். 2011-ல் ஜூன் 6 அன்றே திறந்தார்கள். ஆறு நாள் முன்கூட்டி. அடுத்த ஆண்டு செப்டம்பர் 17 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 97 நாள் தாமதம். 2013-ல் 51, 2014-ல் 64, 2015-ல் 58, 2016-ல் 100. 2017-ல் அக்டோபர் 2 அன்றுதான் மதகு ஏறியது, 112 நாள். பிறகு 2018-ல் 37, 2019-ல் 62. 2020-லும் 2021-லும் சரியாக ஜூன் 12. 2022-ல் மே 24 அன்றே திறந்துவிட்டார்கள். 19 நாள் முன்கூட்டி. 2023-ல் மீண்டும் ஜூன் 12, 2024-ல் ஜூலை 28, அதாவது 46 நாள் தாமதம், 2025-ல் மறுபடி ஜூன் 12.

ஐந்து ஐந்து ஆண்டுகளாகக் கூட்டி ஐந்தால் வகுப்பதுதான் எளிய நகரும் சராசரி. அடுத்த ஆண்டு வந்ததும் பழைய ஓர் ஆண்டைக் கழித்துவிட்டுப் புதியதைச் சேர்ப்பார்கள். 2017-ல் முடியும் ஐந்தாண்டின் சராசரித் தாமதம் 77 நாள். 2018-ல் முடிவது 74.2, 2019-ல் முடிவது 73.8. தாவல் எல்லாம் அடங்கி, ஒரு மேட்டுநிலம் போல் தெரிகிறது.

இப்போது 2020-க்கு வருவோம். அந்த ஆண்டு மேட்டூர் ஜூன் 12 அன்றே திறந்தது, எட்டு ஆண்டுகள் தவறிய பிறகு. சராசரி சொன்னது 62.2 நாள் தாமதம். 2021-ல், மறுபடி குறித்த நாளில் திறந்தபோது, 42.2. 2022-ல் 16. ஐந்தாண்டுச் சராசரியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒருவர் 2020-லும் 2021-லும் குறுவைக்கான குறுகிய காலப் பயிர் விதைக்கு இடமே வைத்திருக்க மாட்டார். காவிரி திரும்பிவிட்டது, சராசரிக்கு அது தெரியவில்லை.

இந்தப் பின்தங்கலுக்கு ஓர் அளவு உண்டு. n எண்களைச் சமமாகச் சேர்த்த சராசரி, (n−1)/2 காலம் பின்னால் நிற்கும். ஐந்தாண்டுச் சராசரிக்கு இரண்டு ஆண்டு. அந்த எண்ணுக்குள் இருக்கும் தகவலின் சராசரி வயதே அது. 2020-ல் கிடைத்த 62.2 உண்மையில் 2018-ஐச் சுற்றிய காலத்தைப் பற்றிய செய்தி. அதை 2020 என்று எழுதி வைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. இந்த ஐந்தாண்டுச் சாளரத்தை அகலமாக்கினால் கோடு இன்னும் மழமழப்பாகும், பின்தங்கலும் அதே அளவில் கூடும். ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதை வாங்க முடியும்.

பின்தங்கலை நீக்க ஒரு பழைய வழி உண்டு: சராசரியைச் சாளரத்தின் கடைசி ஆண்டில் எழுதாமல் நடு ஆண்டில் எழுதுவது. 1901-ல் இங்கிலாந்தின் ஹூக்கர், திருமண விகிதத்தையும் வணிகத்தையும் ஒப்பிடும்போது ஒன்பதாண்டுச் சராசரியை நடுவில் வைத்துத்தான் கணக்கிட்டார். சூரியப் புள்ளிகளின் கணக்கில் இன்றும் புழங்கும் 13 மாதச் சராசரியும் இந்த மரபுதான். இரு முனை மாதங்களுக்கு மட்டும் பாதி எடை தருவார்கள். மேட்டூர் எண்களில் இதைச் செய்தால் 62.2 நாள் 2018-க்குப் போய்ச் சேரும், 16 நாள் 2020-க்கு. உண்மையோடு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் 2025 வரை எண்கள் கையில் இருந்தும் 2024-க்கும் 2025-க்கும் விடை கிடையாது. அவற்றுக்கு இனி வரும் ஆண்டுகள் வேண்டும். நடந்ததை எழுதும் வரலாற்றாசிரியருக்கு இந்த மரபு அருமையானது. ஜூன் மாதத்தில் முடிவெடுக்க வேண்டியவருக்கு அது கை கொடுக்காது.

காப்பீட்டுக் கணக்கர்களின் மரபு இந்தச் சங்கடத்தையே சந்தித்ததில்லை எனலாம். 1904-ல் ஸ்பென்சர் உருவாக்கிய 15 புள்ளிச் சூத்திரம் இறப்பு விகிதங்களை வயதுவாரியாகச் சீர்செய்ய வந்தது. நடுவில் பெரிய எடை, ஓரங்களில் சிறிய எதிர்மறை எடை. அதனால் மேடு பள்ளங்களின் வடிவம் கெடாது. அங்கே வரிசை வயதால் ஆனது, 40-க்கு இருபுறமும் எண்கள் தயாராக இருக்கும். ஆற்றுக்கு அந்த வசதி இல்லை. நாளைய தண்ணீர் நாளைக்குத்தான் வரும்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக்காக வேலை செய்த ராபர்ட் பிரவுனும், 1957-ல் ஹோல்ட்டும் வளர்த்த வழி வேறு. பழைய ஆண்டைத் திடீரென வெளியே தள்ளாமல், ஒவ்வோர் ஆண்டும் அதன் செல்வாக்கை ஒரே விகிதத்தில் குறைத்துக்கொண்டே போவது. கணக்கு எளிது: முந்தைய மதிப்பீட்டுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கை மதிப்பீட்டோடு சேர்த்தால் போதும். மூன்றில் ஒன்று என்று வைத்தால், தகவலின் சராசரி வயது இங்கேயும் இரண்டு ஆண்டுதான். ஆயினும் நடத்தை வேறு. 2015-ன் ஐந்தாண்டுச் சராசரியான 52.8-இலிருந்து தொடங்கினால் 2020-ல் இது 44-க்கு இறங்கிவிடுகிறது. ஐந்தாண்டுச் சராசரி அப்போது 62.2-ல் நிற்கிறது. புதிய செய்திக்கு இது முதலில் வேகமாகத் திரும்பும், பிறகு பழைய நினைவை மெல்ல மெல்லத்தான் விடும்.

இந்த இரண்டின் உண்மையான வேறுபாடு 2024-ல்தான் தெரிந்தது. அந்த ஜூன் 12-ல் அணை திறக்கவில்லை. டெல்டா ஒன்றரை மாதம் காத்திருந்தது. ஜூலை 28-ல் திறந்தார்கள், இரண்டு நாள் கழித்து அணை 120 அடியை எட்டியது. தாமதம் 46 நாள். அந்த ஆண்டு ஐந்தாண்டுச் சராசரி ஏறியிருக்க வேண்டும் அல்லவா? இறங்கியது. 2023-ல் 8.6 ஆக இருந்தது 5.4 ஆயிற்று. உள்ளே வந்தது 46, வெளியே போனது 2019-ன் 62, கூட்டுத்தொகை குறைந்தது. கோட்டை மட்டும் பார்ப்பவர் 2024-ல் நிலைமை மேம்பட்டது என்று படிப்பார். ஐந்தாண்டுக்கு முன் நடந்த ஒன்றின் வெளியேற்றத்தை இன்றைய மாற்றமாகப் படிக்கிறார். பிரவுன் வழியில் போன கணக்கு 8.8-இலிருந்து 21.2-க்கு ஏறியது, சரியான திசையில். அதற்கான விலையை அது 2025-ல் கொடுத்தது: ஜூன் 12 அன்றே திறந்தும் 14 நாள் தாமதம் என்றது.

சராசரிக்குப் பதில் ஐந்தில் நடு எண்ணை எடுப்பவர்களும் உண்டு. ஒற்றை ஆண்டு கெட்டால் இது அசையாது. 2024-ன் 46 நாளை முழுதும் புறக்கணித்துவிடும்; அந்த ஆண்டின் நடு எண் பூஜ்யம். 2020-ல் இதுவும் 62 என்றது. ஐந்தில் மூன்று ஆண்டுகள் மாறும்வரை மாறாது, மாறும்போது ஒரே தாவலாகத் தாவும்.

மழமழப்பான கோட்டைக் கண்டு மயங்குவதற்கு எதிரான எச்சரிக்கை மாஸ்கோவிலிருந்து வந்தது. 1927-ல் யெவ்கெனி ஸ்லூட்ஸ்கி அரசு லாட்டரியின் எண்களை எடுத்து, பத்துப் பத்தாகக் கூட்டி நகர்த்தினார். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத எண்கள் அவை. கிடைத்த கோடு 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வணிக ஏற்ற இறக்கம் போலவே அலையலையாக இருந்தது. அலைகளை உண்டாக்கியது கூட்டல்தான். மேட்டூருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 2016 முதல் 2019 வரை 74, 77, 74.2, 73.8 என்று சராசரி நிலையாக நிற்பதைப் பார்த்து, காவிரி ஒரு நிலையான தாமதத்துக்கு வந்துவிட்டது என்று எழுதத் தோன்றும். அடுத்தடுத்த இரண்டு சராசரிகளில் நான்கு ஆண்டுகள் பொது. அவை ஒத்திருப்பதில் வியப்பு இல்லை. மூல எண்களோ அந்தக் காலத்தில் 37-க்கும் 112-க்கும் இடையே ஆடிக்கொண்டிருந்தன.

திறப்பு நாளையே அளவுகோலாக வைப்பதிலும் ஒரு குறை உண்டு, அதை எந்த மரபும் தீர்க்காது. 2023-ல் அணை குறித்த நாளில் திறந்தது, கணக்கில் பூஜ்யம். ஆனால் வரத்து குறைந்து, ஜனவரி வரை ஓட வேண்டிய தண்ணீரை அக்டோபர் 10 அன்றே நிறுத்தினார்கள். சம்பாவுக்கு நாற்று விட்டவர் அந்தப் பூஜ்யத்தை வைத்து என்ன செய்வார்? மூடிய நாளும், இருப்பும், பிலிகுண்டுலுவில் அளந்த வரத்தும் பக்கத்தில் இருந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் வரும்.

தினசரி வரத்துக்கு வரும்போது பின்தங்கலின் விலை இன்னும் கூடுதல். ஒரு பேச்சுக்கு, வினாடிக்கு 10,000 கன அடி வந்துகொண்டிருந்த இடத்தில் ஒரே நாளில் 80,000 ஆகி அப்படியே நிற்கிறது என்று வைப்போம். ஏழுநாள் சராசரி முதல் நாள் 20,000 என்று சொல்லும், நான்காம் நாள் 50,000 என்று சொல்லும். ஏழாம் நாள்தான் 80,000-ஐத் தொடும். அந்த நான்கு நாளில் மேட்டூர்த் தண்ணீர் கல்லணையைத் தாண்டியிருக்கும். ஆகவே நிரம்பிய அணையில் 16 கண் மதகைத் திறக்க மணிக்கொரு அளவைத்தான் பார்க்க வேண்டும். கொள்ளிடக் கரை ஊர்களுக்கு எச்சரிக்கையும் அதை வைத்தே போக வேண்டும். ஏழுநாள் சராசரியின் இடம் வேறு: பாசன முறை வைக்கும்போது, ஒரு நாள் ஏற்றத்தைக் கண்டு மதகை ஏற்றி மறுநாள் இறக்காமல் இருக்க அது உதவும்.

எந்தச் சராசரியை வெளியிட்டாலும் அதன் அடியில் மூன்று விவரம் இருக்க வேண்டும்: சாளரம் எத்தனை காலம், எண் எழுதியிருப்பது கடைசி ஆண்டிலா நடு ஆண்டிலா, இந்த முறை உள்ளே வந்ததும் வெளியே போனதும் எவை. மூன்றாவதை யாரும் எழுதுவதில்லை. மேட்டூர்க் கணக்கில் அது இப்போதே தெரிந்த செய்தி. 2022-ன் மே மாதத் திறப்பு 2027-ல் சாளரத்தைவிட்டு வெளியேறும். அந்த ஆண்டு சரியாக ஜூன் 12 அன்றே மதகு ஏறினாலும் ஐந்தாண்டுச் சராசரி 3.8 நாள் கூடும். 2024-ன் 46 நாள் வெளியேறும் 2029-ல், அதே ஜூன் 12 திறப்புக்கு அது 9.2 நாள் குறையும்.