ஓர் இரவின் வட்டி

அந்நியச் செலாவணிச் சந்தையில் இன்று ஒருவர் யென்னைக் கொடுத்து டாலர் வாங்கினால், அச்சந்தையின் சம்பிரதாயப்படி இரண்டு வேலைநாள் கழித்து யென்னை ஒப்படைத்து டாலரைப் பெற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் விலையேற்றத்தை மட்டும் நாடி, சிறிய முன்பணத்தைக் கட்டிப் பெருந்தொகைக்கு வியாபாரம் செய்கிறவருக்கு அந்த டாலரும் தேவையில்லை, கொடுப்பதற்கு யென்னும் அவரிடம் இல்லை. ஆகவே நியூயார்க்கில் மாலை ஐந்து மணி ஆனதும், அவருடைய புரோக்கர் நிறுவனம் அந்த ஒப்படைப்பு நாளை ஒரு நாள் தள்ளிவைக்கிறது. மறுநாளும் அவ்வாறே, அதற்கு மறுநாளும் அவ்வாறே. இந்தத் தள்ளிவைப்பைத்தான் ரோல்ஓவர் என்கிறார்கள். இதனால் அவருடைய கணக்கில் இரவுதோறும் வரவாகவோ பற்றாகவோ விழும் சிறு தொகைக்கு ஸ்வாப் என்று பெயர்.

இத்தொகை யாரும் இஷ்டம்போல் விதிக்கும் கட்டணமன்று. டாலரை வைத்துக்கொண்டு யென்னைக் கொடுக்காமல் இருப்பவர், உண்மையில் யென்னைக் கடன் வாங்கி டாலரைக் கடன் கொடுத்தவரின் ஸ்தானத்தில் நிற்கிறார். ஆகையால் டாலருக்கு உரிய ஒரு நாள் வட்டி அவருக்குச் சேரவும், யென்னுக்கு உரிய ஒரு நாள் வட்டி அவரிடமிருந்து போகவும் வேண்டியது நியாயந்தானே? வங்கிகள் தமக்குள் நாளைய டாலரை விற்று மறுநாளைய டாலரை வாங்கும்போது அவ்விரு விலைகளுக்கும் இடையே வைக்கும் வித்தியாசம் ஏறக்குறைய இந்த வட்டி வித்தியாசமேயாகும். அடிப்படையைப் பார்த்தால் இதில் வஞ்சனை ஏதுமில்லை. கடன் உள்ள இடத்தில் வட்டி உண்டு. அதை விலைக்குள் ஒளித்துவைக்காமல் தனி வரியாகக் கண்முன் காட்டுவது இம்முறையின் முதல் நற்குணம் என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் இந்த வட்டி முன்பணத்தின்மீது கணக்கிடப்படுவதில்லை, வாங்கிய முழுத் தொகையின்மீதும் கணக்கிடப்படுகிறது. இதன் கவர்ச்சியும் ஆபத்தும் பிறக்கும் இடம் இதுவே. 2024-ஆம் ஆண்டின் முற்பகுதியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி 5.25 முதல் 5.50 சதவீதத்துக்குள் இருந்தது. ஜப்பானிய வங்கியின் வட்டியோ மார்ச் மாதம் வரை பூஜ்யத்துக்கும் கீழே இருந்து, அதன் பின்னும் பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. வித்தியாசம் சுமார் 5.2 சதவீதம். புரோக்கர் தம் பங்காக 0.8 சதவீதம் பிடித்துக்கொள்கிறார் என்று உதாரணத்துக்காக வைத்தால், டாலர் வாங்கியவருக்கு 4.4 சதவீதம் கிடைக்கும். டாலரை விற்றவர் 6 சதவீதம் செலுத்த வேண்டும். ஒரு லட்சம் டாலருக்கு, ஆண்டை 360 நாளாகக் கொள்ளும் வங்கி வழக்கப்படி, முன்னவருக்கு இரவு ஒன்றுக்கு 12 டாலர் 22 சென்ட் வரவு; பின்னவருக்கு 16 டாலர் 67 சென்ட் செலவு. ஜப்பானில் தனிநபருக்கு அனுமதிக்கப்படும் உச்ச அளவாகிய 25 மடங்கில், அந்த ஒரு லட்சம் டாலருக்குக் கட்டவேண்டிய முன்பணம் 4,000 டாலரே. ஓர் ஆண்டு வரவு 4,400 டாலருக்கு மேல்! போட்ட முதலைக் காட்டிலும் வட்டி அதிகம் என்ற இந்தக் கணக்கைக் காகிதத்தில் பார்க்கிற எவருக்கும் மனம் சலனப்படாமல் இராது.

கணக்கு பொய்யன்று, அதைப் பிரத்தியட்சமாகவே பார்க்கலாம். 2024 ஜனவரி 2 அன்று டாலரின் விலை சுமார் 142 யென். இடையில் ஜூலை மாதத் தொடக்கத்தில் 162 யென்னை நெருங்கிவிட்டு, ஆகஸ்ட் 5 அன்று மீண்டும் 142 யென் அளவுக்கு இறங்கியது. ஜனவரி 2-இல் ஒருவர் ஒரு லட்சம் டாலரை வாங்கினார், இன்னொருவர் அதே விலைக்கு விற்றார், இருவரும் ஆளுக்கு 20,000 டாலர் முன்பணமாக வைத்திருந்தனர், ஆகஸ்ட் 5-இல் அந்த 142 யென்னிலேயே இருவரும் கணக்கை முடித்துக்கொண்டனர் என்று கற்பனை செய்வோம். விலையால் இருவருக்கும் லாபமுமில்லை, நஷ்டமுமில்லை. ஆனால் இடைப்பட்ட 216 இரவுகளில், ஸ்வாப் விகிதம் மாறாதிருந்தது என்று கொண்டால், வாங்கியவர் சுமார் 2,640 டாலர் பெற்றிருப்பார்; விற்றவர் 3,600 டாலர் இழந்திருப்பார். விலைப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர் இருவரும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டார்கள் என்று எண்ணியிருப்பார். உண்மையில் ஒருவருடைய முன்பணம் 13 சதவீதம் வளர்ந்து, மற்றவருடையது 18 சதவீதம் தேய்ந்திருக்கிறது. ஒருவர் பெற்றதற்கும் மற்றவர் இழந்ததற்கும் இடையே காணாமற்போன 960 டாலர் புரோக்கரின் பங்கு.

இந்த இருவரையும் நான் ஐந்து மடங்கில் நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. விற்றவர் 4,000 டாலர் மட்டும் வைத்திருந்தால், விலை 162-ஐ நெருங்கும் வரை அவர் கணக்கு உயிரோடு இருந்திராது. முன்பணம் கரையக் கரைய நிறுவனமே அவருடைய வியாபாரத்தைக் கட்டாயமாக முடித்திருக்கும், விலை திரும்பிவந்த நாளைக் காணும் பாக்கியம் அவருக்குக் கிட்டியிராது. வாங்கியவர் பிழைத்ததும் அவர் வாங்கிய நாளின் விசேஷத்தால்தான். ஜூலை 10 அன்று 161.5 யென் கொடுத்து 25 மடங்கில் வாங்கிய மூன்றாமவரை நினைத்துப் பாருங்கள். டாலருக்கு ஆறு யென்னுக்குச் சற்று மேல் விலை சரிந்தால் அவருடைய 4,000 டாலரும் தீர்ந்துவிடும். அந்தச் சரிவு ஜூலை முடிவதற்குள்ளேயே நேர்ந்துவிட்டது. அதுவரை அவர் கணக்கில் சேர்ந்த வட்டி 200 டாலரைக்கூட எட்டியிராது. முன்பணத்தை நிறைய வைத்து ஆகஸ்ட் 5 வரை தாக்குப்பிடித்திருந்தால் நஷ்டம் 13,700 டாலர் அளவுக்குப் போயிருக்கும். 26 இரவுகளின் வட்டியோ சுமார் 318 டாலர். ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில் சேரவேண்டிய வட்டியை நான்கு வாரத்துக்கும் குறைந்த காலத்தில் விலை விழுங்கிவிட்டது என்பதே இதன் பொருள்.

என் அபிப்பிராயத்தில் இம்முறையின் மூலக் குறை இங்கேதான் இருக்கிறது. வட்டி வேலை செய்வதற்குக் காலம் வேண்டும். முன்பணத்தைக் குறுக்கி மடங்கை உயர்த்துவதோ அந்தக் காலத்தையே பறித்துக்கொள்கிறது. 150 யென் விலையில் அந்த 4.4 சதவீதம் என்பது டாலருக்கு நாளொன்றுக்கு ஒரு யென்னில் நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. அதே டாலர் சாதாரண நாளிலேயே ஒரு யென்னோ அதற்கு மேலோ ஏறி இறங்கும். ஆகவே ஓர் இரவு, ஒரு வாரம் என்று வைத்திருப்பவருக்கு ஸ்வாப் முடிவை நிர்ணயிப்பதில்லை. பல மாதம் வைத்திருப்பவருக்கே அது நிர்ணயிக்கிறது. 25 மடங்கில் பல மாதம் வைத்திருக்க யாராலும் இயலாது என்றே சொல்லிவிடலாம். வட்டியை முன்பணத்தின் சதவீதமாகக் காட்டும் விளம்பரங்கள் இந்த முரண்பாட்டைச் சாமர்த்தியமாக மறைக்கின்றன.

பொருளாதார சாஸ்திரத்தின் பழைய கொள்கையோ, வட்டி மிகுந்த நாணயம் அந்த வட்டி வித்தியாசத்தின் அளவுக்குக் காலப்போக்கில் மதிப்பிழக்கும், ஆகையால் மொத்தத்தில் லாபம் மிஞ்சாது என்கிறது. யூஜின் ஃபாமா 1984-இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் அதைத் தொடர்ந்த பலருடைய ஆராய்ச்சிகளும், நடைமுறையில் அப்படி நிகழ்வதில்லை, வட்டி மிகுந்த நாணயம் எதிர்பார்த்த அளவு விழாமல் நிற்பதே பெரும்பாலும் வழக்கம் என்று காட்டின. எனவே இரவு வட்டியை நாடுவதை மூடத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்த வழக்கமே கூட்டத்தை ஒரே பக்கத்தில் சேர்க்கிறது. கூட்டம் கலையும் நாளில் வாசல் ஒன்றே இருக்கிறது. 2008-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய வட்டி 7.25 சதவீதம், ஜப்பானிய வட்டி 0.5 சதவீதம், ‘திருமதி வாத்தனாபே’ என்று செல்லப் பெயர் பெற்ற ஜப்பானியக் குடும்பத்துச் சேமிப்பாளர்கள் முதல் பெரிய நிதி நிறுவனங்கள் வரை பலரும் யென்னை விற்று ஆஸ்திரேலிய டாலரை வைத்திருந்தனர். அவ்வாண்டு ஜூலையில் 104 யென் அளவில் இருந்த ஆஸ்திரேலிய டாலர், அக்டோபரில் 55 யென் அருகே விழுந்தது. ஆண்டுக்கு ஆறேமுக்கால் சதவீத வித்தியாசம் இதற்கு எந்த மூலைக்கு? ஜப்பானிய அரசாங்கம் 2010 ஆகஸ்டில் தனிநபர் வியாபாரத்தை 50 மடங்குக்குள்ளும், மறு ஆகஸ்டில் 25 மடங்குக்குள்ளும் அடக்கியது. அது நல்ல காரியமே. ஆனால் வட்டிக்காகவே நாணயத்தை வைத்திருப்பவருக்கு 25 மடங்கும் மிகை என்பதை மேலே கண்ட கணக்கே சொல்லும்.

புதன்கிழமை வழக்கத்தையும் இங்கே குறிப்பிடலாம். புதன் மாலையைக் கடக்கும் வியாபாரத்தின் ஒப்படைப்பு நாள் வெள்ளியிலிருந்து திங்களுக்குத் தாவுவதால், அன்று ஒரே இரவில் மூன்று நாள் வட்டி எழுதப்படும். ஐந்து மணிக்குச் சற்று முன்பு வாங்கி, மணி அடித்ததும் விற்று அந்த மூன்று நாள் வட்டியைத் தட்டிக்கொண்டு போகலாம் என்று புறப்படுகிறவர்கள் உண்டு. அந்த நிமிஷங்களில்தான் சந்தையில் ஆள் குறைந்து, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி அகலமாகிறது. 37 டாலர் வட்டிக்காக நுழைகிறவர் அதில் பெரும்பகுதியையோ முழுவதையுமோ அந்த இடைவெளியிலேயே விட்டுவிட்டு வருவார்.

புரோக்கரின் பங்கு நியாயமானதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. நிறுவனங்கள் வெளியிடும் ஸ்வாப் பட்டியலில் ஒரே ஜோடிக்கு உரிய வரவையும் செலவையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் செலுத்துவதற்கும் மறுபக்கம் பெறுவதற்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, ஒரு பக்கத்துக்கு அவர்கள் எடுத்துக்கொள்ளும் கூலி. இரண்டு பக்கமும் செலவாகவே இருந்தால், அந்த ஜோடியின் வட்டி வித்தியாசம் முழுவதும் கூலிக்குள் மூழ்கிவிட்டது என்று அறிந்துகொள்ளலாம். வட்டி நெருங்கிய ஜோடிகளில் இது நேர்வதுண்டு.

இன்னொரு குறையும் உண்டு; அதை வியாபாரிகள் போதிய அளவு கவனிப்பதாகத் தெரியவில்லை. வங்கியில் நிரந்தர வைப்புக்கு ஒப்புக்கொண்ட வட்டி தவணை முடியும்வரை மாறாது. ரோல்ஓவர் வட்டியோ இரவுதோறும் புதிதாக நிர்ணயிக்கப்படுகிறது. 2024 ஜூலை 31-இல் ஜப்பானிய வங்கி தன் வட்டியை 0.25 சதவீதத்துக்கும், 2025 ஜனவரியில் 0.5 சதவீதத்துக்கும் உயர்த்தியது; அமெரிக்க மத்திய வங்கி 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மூன்று முறையில் ஒரு சதவீதம் குறைத்தது. வித்தியாசம் 5.2-லிருந்து நான்குக்கும் கீழே வந்துவிட்டது. புரோக்கரின் கூலியோ, நம் உதாரணத்தில், அதே 0.8. 2024-இன் முற்பகுதியில் இரவுக்கு 12 டாலர் 22 சென்ட் பெற்றவருக்கு, ஒரு லட்சம் டாலரை அப்படியே வைத்திருந்தாலும், 2025 ஜனவரி இறுதியில் கிடைத்தது எட்டரை டாலர் அளவே. அவர் தாங்கவேண்டிய விலைச் சலனமோ சிறிதும் குறையவில்லை.