வாய்க்குள்ளேயே நின்றுவிடும் 'ட்'

அமெரிக்கர் ஒருவர் "ஐ கேன்ட் கோ" என்று வேகமாகச் சொன்னால், கடைசி 'ட்' பெரும்பாலும் காதில் விழாது. மூச்சு அடைபடும், அது வெடித்து வெளிவருமுன் 'கோ' வந்துவிடும். முடியாது என்றவர் முடியும் என்றதாக வெளிநாட்டுக்காரர் எடுத்துக்கொள்வார். ஆசிரியர்கள் பலரும் இதற்குச் சொல்லும் மருந்து ஒன்றுதான்: இறுதி மெய்களை எல்லாம் அழுத்தி, வெடிக்கச் சொல்லுங்கள். இது பாதிதான் சரி.

கேட்பவர் யார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். தாய், கொரிய, கான்டனீஸ் மொழிகளில் சொல்லின் ஈற்றில் வரும் ப், ட், க் போன்ற ஒலிகள் வெடிப்பதே இல்லை. முன்னுள்ள உயிர் முடியும் விதத்தை வைத்தே எந்த மெய் என்று அறிய அவர்களுக்குப் பழக்கம் உண்டு. தமிழருக்கு அந்தப் பழக்கம் இல்லை. நம் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. 'பஸ்' கூடப் பேச்சில் 'பஸ்ஸு' ஆகிவிடும். எனவே நாம் வெடிப்புக்காகக் காத்திருக்கிறோம்.

ஆனால் வெடிப்பு எல்லாவற்றையும் தீர்க்காது. இருக்கையைக் குறிக்கும் சொல்லையும் விதையைக் குறிக்கும் சொல்லையும் எடுத்துக்கொள்வோம். நாம் முன்னதைச் 'சீட்டு' என்றும் பின்னதைச் 'சீடு' என்றும் பிரிக்கிறோம். வேறுபாட்டை மெய்யில் வைக்கிறோம். ஆங்கிலேயரோ அதைப் பெரிதும் உயிரில் வைக்கிறார்கள். விதைக்கான சொல்லில் 'ஈ' தெளிவாக நீளும், இருக்கைக்கான சொல்லில் சட்டென்று குறுகும். இறுதி மெய் வெடிக்காவிட்டாலும் அவர்கள் இதை வைத்தே பிரித்துவிடுவார்கள். அனைத்துலக ஆங்கிலத்துக்கு எந்த ஒலிக்கூறுகள் இன்றியமையாதவை என்று மொழியியலாளர் ஜெனிபர் ஜென்கின்ஸ் 2000இல் வெளியிட்ட நூலில் வகுத்தபோது, இந்த உயிர் நீள வேறுபாட்டையும் சேர்த்தார். அது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன்.

எல்லா இடத்திலும் வெடித்தால் தீங்கும் உண்டு. முதுகுவலியைச் சொல்லும் 'பேக் பெயினில்' க்-ஐ வெடிக்கப்போய் நம்மவர் 'பேக்கு பெயின்' என்கிறார்கள். ஓர் அசை கூடிவிடுகிறது. ஆங்கிலம் பேசுபவருக்கு அது வேறொரு சொல்லாகத் தோன்றும். தொலைபேசியிலோ வெடிப்பின் பயனே குறைகிறது. பழைய இணைப்புகள் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். 'ட்' வெடிப்பின் வலுவான பகுதி அதற்கு மேலேதான் கிடக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. உயிரின் நீளத்தை எங்கும் விடக் கூடாது. வாக்கியம் நிற்கும் இடத்திலும், பெயரையோ தனிச் சொல்லையோ சொல்லும்போதும் இறுதி மெய்யை மெல்ல வெடித்துச் சொல்லலாம். அடுத்து இன்னொரு மெய் வந்தால் வெடிக்க வேண்டாம். மறுப்பு மட்டும் இதற்கெல்லாம் விலக்கு. பிறமொழிக்காரரிடம் பேசும்போது 'கேன்ட்' என்பதை விட்டுவிட்டு, 'கேனாட்' என்று முழுதாகச் சொல்லுங்கள்.