முன்னிற்கும் சொல்லும் பின்னிற்கும் விகுதியும்

கிரேக்கத்தில் பெயருக்கு முன்னால் ஹொ, ஹே, தொ என்று ஒரு சிறு சொல் வரும். ஆண்பாலுக்கு ஒன்று, பெண்பாலுக்கு ஒன்று, இரண்டும் அல்லாததற்கு ஒன்று. இலக்கண நூல்களில் இதைச் சுட்டிடைச்சொல் என்கிறோம். தமிழில் இதற்கு நேரான சொல் இல்லை. அதனால் கிரேக்கத்திலிருந்து தமிழாக்குகிறவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். இல்லாததை எங்கே தேடுவது என்று விட்டுவிடுகிறார்கள், அல்லது இடமறியாமல் ‘அந்த’ போட்டு வாக்கியத்தைக் கனக்கச் செய்கிறார்கள். கேள்வியே தவறான இடத்தில் கேட்கப்படுவதால்தான் இரண்டும் நேர்கின்றன என்பது என் கருத்து. சுட்டிடைச்சொல்லுக்குத் தமிழில் சொல் இல்லை, ஆனால் அது செய்கிற வேலைக்கு இடம் இருக்கிறது. அந்த வேலை பெயருக்கு முன்னால் நடக்காமல் பெயரின் வாலில், விகுதியிலும் உருபிலும் நடக்கிறது. அப்படி இடம் மாறும்போது கிரேக்கம் சொல்லாத சிலவற்றைத் தமிழ் சொல்லியே ஆகவேண்டியிருக்கிறது. கிரேக்கம் சொன்ன சில கைநழுவிப் போகின்றன. இதைச் சோதிக்க யோவானின் முதல் நிருபத்தைவிட நல்ல களம் கிடைப்பது அரிது. சிறிய நூல், எளிய சொற்கள்; ஆனால் பக்கத்துக்குப் பக்கம் சுட்டிடைச்சொல்லோடு வரும் வினைப்பெயரடைகளும், அன்பு, பாவம், நீதி போன்ற பண்புப்பெயர்களும் நிறைந்தது.

முதலில் வினைப்பெயரடை. ‘பொயோன்’ என்றால் ‘செய்கிற’. அதற்கு முன்னால் ‘ஹொ’ சேர்ந்தால் ‘செய்கிறவன்’. நம் இலக்கணம் வினையாலணையும் பெயர் என்று சொல்வது ஏறக்குறைய இதையே. ‘செய்கிற’ என்ற பெயரெச்சத்தோடு ‘அவன்’ சேர்ந்து, ஒரு செயல் ஓர் ஆளின் பெயராகிவிடுகிறது. இவ்விடத்தில் தமிழுக்குக் குறையே இல்லை. லத்தீனிலும் சுட்டிடைச்சொல் கிடையாது. அங்கே இதற்குப் பெரும்பாலும் ‘எவன் செய்கிறானோ’ என்ற வகையில் ஒரு துணைவாக்கியமே எழுத வேண்டியிருந்தது. தமிழுக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. எனவே ‘செய்கிற அந்த ஆள்’ என்று எழுதுவது கிரேக்கத்துக்கு விசுவாசம் அல்ல, ஒரே பொருளை இருமுறை சொல்வது மட்டுமே. சில இடங்களில் நேர்மாறாக, சுட்டிடைச்சொல்லுக்கு ‘ஒருவன்’தான் சரியாகும். மாற்கு 4:3-இல் உவமையைத் தொடங்கிவைக்கும் ‘ஹொ ஸ்பெய்ரோன்’ என்பவன் யாரும் முன்பே அறிந்த ஆள் அல்லன். விதைப்பவன் என்ற வகைக்கே அவன் மாதிரி. கதைக்குள் அவனை முதன்முதலாக அழைத்துவரும்போது தமிழ் ‘விதைக்கிறவன் ஒருவன்’ என்றுதான் தொடங்கும். கிரேக்கத்தில் குறித்த பெயர், தமிழில் குறியாத பெயர். ஆயினும் பொருள் சிதையவில்லை.

ஆனால் நம் விகுதி இலவசமாக வருவதில்லை. ‘ஹொ’வும் ஆண்பாலையும் ஒருமையையும் காட்டத்தான் செய்கிறது, ஆயினும் ஆண், பெண் இருவரையும் உள்ளடக்கிய பொதுப்பெயராக அது இயல்பாகவே நிற்கும். தமிழில் -அவன், -அவள், -அவர் என்று தேர்ந்தெடுத்தே தீரவேண்டும். அந்தத் தேர்வில் பால் மட்டுமல்ல, மரியாதையும் அடங்கியிருக்கிறது. பெயரெச்சத்திலேயே காலமும் ஏறியிருக்கிறது. கிரேக்க வினைப்பெயரடையோ காலத்தைவிடச் செயலின் தன்மையை, அது தொடர்கிறதா, முழுதாக நிகழ்ந்ததா, நிகழ்ந்து அதன் விளைவு நிற்கிறதா என்பதைக் காட்டுகிறது. இந்த இரண்டு கணக்குகளும் மோதும் இடம் நிருபத்தின் 5:18.

அந்த வசனத்தில் ‘கடவுளால் பிறந்தவன்’ இருமுறை வருகிறான், இரண்டு வடிவங்களில். முதலாவது ‘ஹொ கெகென்னேமெனொஸ்’: பிறந்து, அந்தப் பிறப்பின் நிலையிலேயே இருக்கிறவன். இரண்டாவது ‘ஹொ கென்னேதெய்ஸ்’: பிறப்பை ஒரே நிகழ்ச்சியாக, முழுதாகக் காட்டும் வடிவம். வினை ஒன்று, சுட்டிடைச்சொல் ஒன்று, ‘கடவுளிடமிருந்து’ என்ற தொடரும் ஒன்றே. நிருபத்தில் விசுவாசிகளைப் பற்றிப் பேசும் மற்ற எல்லா இடங்களிலும் (2:29, 3:9, 4:7, 5:1, 5:4) முதல் வடிவத்தைப் போல விளைவு நிற்கும் தன்மையே வருகிறது. இரண்டாவது வடிவம் இங்கே மட்டும். ஆகவே பலர் இந்த இரண்டாமவரைக் கிறிஸ்து என்று கொள்கிறார்கள். பிறந்த ஒவ்வொருவனையும் அவர் காக்கிறார் என்பது அப்போது பொருள். இதற்கு எதிராகவும் சொல்ல இருக்கிறது. கிறிஸ்துவை ‘பிறந்தவர்’ என்று இந்த நிருபம் வேறெங்கும் சொல்வதில்லை. கையெழுத்துப் படிகளிலும் வேறுபாடு உண்டு. வத்திக்கான் படியில் ‘அவனை’ என்று பொருள்படும் ‘அவ்தொன்’ இருக்கிறது. சீனாய்ப் படியிலும் பிற்காலப் படிகள் பெரும்பாலானவற்றிலும் ‘தன்னை’ என்று பொருள்படும் ‘ஹெஅவ்தொன்’. ‘தன்னை’ என்றால் பிறந்தவன் தன்னைத்தானே காத்துக்கொள்கிறான். இரண்டு பேரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். லத்தீன் வுல்காத்தா மூன்றாவது வழியில் போனது. இரண்டாம் வினைப்பெயரடையை ஆளாகவே எடுக்காமல், கடவுளிடமிருந்து வந்த அந்தப் பிறப்பே அவனைக் காக்கிறது என்ற பொருளில் பண்புப்பெயராக்கிவிட்டது. ஆளுக்கும் பண்புக்கும் இடையே உள்ள கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தமிழில் என்ன நடக்கிறது? ‘பிறந்தவன்’ என்ற ஒரே வடிவம் இரண்டுக்கும் போய்விடுகிறது. பழைய புரொட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்பு ‘தன்னை’ என்ற பாடத்தைப் பின்பற்றியதால் அங்கே நட்டம் தெரியவில்லை. ‘அவனை’ என்ற பாடத்தை எடுத்தால் தெரியும்: பிறந்தவன் பாவம் செய்யான், பிறந்தவன் அவனைக் காக்கிறான் என்று எழுதினால் யார் யாரை என்று வாசகர் தடுமாறுவார். இங்கேதான் மரியாதை விகுதி கைகொடுக்கிறது. ‘கடவுளால் பிறந்திருக்கிற எவனும்’ என்று முதலிலும் ‘கடவுளால் பிறந்தவர்’ என்று இரண்டாவதிலும் எழுதினால் போதும். ‘-திருக்கிற’ நிலைத்த விளைவைக் காட்டும். ‘-அவர்’ ஆளைப் பிரிக்கும். கிரேக்கம் செயலின் தன்மையால் செய்ததைத் தமிழ் மரியாதையால் செய்கிறது.

இது விளக்கவுரையை மொழிபெயர்ப்புக்குள் நுழைப்பதல்லவா என்று ஒருவர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வி. ஆம், நுழைப்பதுதான். கிரேக்க வாசகர் வடிவ வேறுபாட்டைக் கண்டு தாமே ஊகிக்கலாம், ஊகிக்காமலும் விடலாம். தமிழ் வாசகருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. ஆனால் ‘பிறந்தவன்’ என்று இரண்டு இடத்திலும் எழுதுவதும் நடுநிலை ஆகாது. அது இருவரும் மனிதரே என்ற முடிவை அதே விகுதியால் சொல்லிவிடுகிறது. முடிவெடுக்காத விகுதி தமிழில் இல்லாதபோது, எடுத்த முடிவை அடிக்குறிப்பில் ஒப்புக்கொள்வதே நேர்மை. எல்லோரையும் ‘அவர்’ என்றே எழுதும் இன்றைய நடையில் இந்தத் தந்திரமும் செல்லாது. அங்கே ‘பிறந்திருக்கிறவர்கள்’ என்று பன்மைக்குப் போய், ‘பிறந்தவர் அவர்களைக் காக்கிறார்’ என்று ஒருமையை மற்றவருக்கு ஒதுக்கலாம். கிரேக்க ஒருமை போகும், ஆனால் யார் யாரைக் காக்கிறார் என்பது நிற்கும். இரண்டில் எதை இழப்பது என்றால் நான் ஒருமையை இழப்பேன். 5:4-இல் இந்தச் சிக்கலே இல்லை. அங்கே ‘தொ கெகென்னேமெனொன்’ என்று அதே சொல் ஆணும் பெண்ணும் அல்லாத பாலில் வருகிறது. ‘பிறந்தது எதுவும்’ என்று நம் அஃறிணை அதை அப்படியே வாங்கிக்கொள்கிறது. அதை வலிந்து ‘பிறந்தவர்’ ஆக்குவது தேவையில்லாத திருத்தம்.

பண்புப்பெயர்களில் கதை வேறு. பாவம், அன்பு, நீதி ஆகியவற்றுக்கு முன்னால் கிரேக்கம் வழக்கமாகவே சுட்டிடைச்சொல் வைக்கும். தமிழில் வெறும் பெயரே அந்தப் பொதுமையைத் தரும். அப்படியானால் இங்கே கவனிக்க ஒன்றுமில்லை, வழக்கத்துக்குப் பொருள் கிடையாது என்பார்கள். அது பாதி உண்மை. பயனிலையாக வரும் பெயருக்குக் கிரேக்கம் பெரும்பாலும் சுட்டிடைச்சொல்லை வைப்பதில்லை. வைத்தால் அது பேசுகிறது. 3:4-இல் பாவத்துக்கும் (ஹே ஹமர்தியா), நெறிமீறலுக்கும் (ஹே அனொமியா) இரண்டுக்குமே சுட்டிடைச்சொல் இருக்கிறது. இரண்டும் ஒன்றே, திருப்பிப் போட்டாலும் பொருந்தும் என்பது கருத்து. 4:8-இலோ கடவுளுக்குச் சுட்டிடைச்சொல் உண்டு, அன்புக்கு இல்லை. கடவுளின் தன்மை அன்பு. ஆனால் அன்பு எதுவோ அதுவே கடவுள் என்று திருப்ப முடியாது. தமிழில் இந்த வேறுபாட்டைக் காட்ட அருமையான கருவிகள் கைவசம் உள்ளன. முதல் வகைக்கு ‘-தான்’: நெறிமீறல்தான் பாவம். இரண்டாவதற்கு ‘-ஆக’ அல்லது ‘-ஆய்’: கடவுள் அன்பாய் இருக்கிறார். பழைய மொழிபெயர்ப்பும் பிற்காலப் பொது மொழிபெயர்ப்பும் இந்த இடத்தில் ‘ஆக’, ‘ஆய்’ பயன்படுத்தியது தற்செயலானாலும் சரியானது. சுவரொட்டிகளில் காணும் ‘அன்பே கடவுள்’ வேறு கூற்று. அது நல்ல கூற்றாக இருக்கலாம், ஆனால் யோவானின் இலக்கணம் அதைச் சொல்லவில்லை.

செயப்படுபொருளாக வரும்போது இன்னொரு நுட்பம் இருக்கிறது. 3:7-இல் ‘நீதியைச் செய்கிறவன்’ என்பதில் வரும் நீதிக்குச் சுட்டிடைச்சொல் உண்டு. சில வரிகள் தள்ளி 3:10-இல் அதே நீதிக்கு, நல்ல படிகள் பலவற்றில், இல்லை. தமிழில் ‘நீதியைச் செய்கிறவன்’, ‘நீதி செய்கிறவன்’ என்று ஐ உருபை வைத்தும் விட்டும் இதை அப்படியே காட்டலாம். அஃறிணைப் பெயரில் ஐ உருபு குறித்த பொருளைக் காட்டுவது நம் இயல்பு. ‘மரம் வெட்டினான்’, ‘மரத்தை வெட்டினான்’ என்பவற்றின் வேறுபாடு யாருக்கும் தெரியும். ஆனால் இதை இயந்திரமாகச் செய்யக்கூடாது. ‘நீதி செய்’ என்றால் நீதிமன்றத் தீர்ப்பின் வாடை வந்துவிடும். கிரேக்கத்திலும் இந்த இரண்டு இடங்களுக்கும் இடையே பொருள் வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நடையின் மாற்றம் மட்டுமே. 3:4-இல் அப்படி அல்ல. அங்கே ‘பாவத்தைச் செய்கிற’ என்று ஐ போட்டு எழுதுவது, அடுத்த வாக்கியத்திலேயே பாவம் இன்னதென்று வரையறுக்கப்படுவதால், பொருளுள்ளதாகிறது.

‘அந்த’ என்ற சொல்லுக்கு உண்மையில் வேலை இருக்கும் இடம் ஒன்றைச் சொல்லவேண்டும். யாக்கோபு 2:14-இல் செயலில்லாத விசுவாசத்தை ஒருவன் தனக்கு உண்டு என்று சொல்கிறான். அங்கே விசுவாசத்துக்குச் சுட்டிடைச்சொல் இல்லை. உடனே வரும் கேள்வியில் ‘ஹே பிஸ்திஸ்’ என்று சுட்டிடைச்சொல்லோடு வருகிறது. முன் சொன்னதைத் திரும்பிச் சுட்டும் வேலை இது. 1611-இன் ஆங்கில மொழிபெயர்ப்பு அதைக் கவனிக்காமல் விசுவாசம் காப்பாற்றுமா என்ற பொதுக்கேள்வியாக்கியது. 1881-இன் திருத்தம் ‘அந்த’ சேர்த்தது. தமிழில் வெறும் ‘விசுவாசம்’ என்று எழுதினால் யாக்கோபு விசுவாசத்தையே மறுக்கிறார் என்றாகிவிடும். பவுலோடு அவரை மோதவிடும் பழைய வழக்கில் பாதி இந்த ஒற்றைச் சொல் விடுபடுவதால் வருவதுதான். இங்கே ‘அந்த விசுவாசம்’, அல்லது இன்னும் சரியாக ‘அப்படிப்பட்ட விசுவாசம்’.